பிரிசிஷன் 0.89 என்று காட்டும் முதல் மாதிரியை எப்படிச் சோதிப்பது?

மொரிசியஸில் எபென் சைபர் சிட்டி அலுவலகங்களுக்குத் தரவுப் பிரிவில் பயிற்சிக்கு வரும் மாணவர்களிடம் நாங்கள் முதலில் ஒப்படைப்பது, பெரும்பாலும் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று மட்டும் விடை சொல்லும் ஒரு வகைப்படுத்தல் மாதிரியைத்தான். அப்படிப்பட்ட வேலை ஒன்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். வாகனக் காப்பீட்டில் வரும் இழப்பீட்டுக் கோரிக்கைகளுள் எவை மோசடியாக இருக்கக்கூடும் என்று அடையாளம் காட்டி, அவற்றை விசாரணைக் குழுவுக்கு அனுப்புவது அந்த மாதிரியின் பணி. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்றும் இரகசியம் கருதியும் எண்களை மாற்றியிருக்கிறேன். ஆனால் அவற்றின் போக்கு நடைமுறையில் அடிக்கடி காண்பதுதான்.

மோசடி வழக்குகள் அரிதானவை என்பதால், மாணவர் 100 மோசடிக் கோரிக்கைகளையும் 100 நேர்மையான கோரிக்கைகளையும் சமமாக எடுத்துச் சோதனைத் தரவை அமைத்திருந்தார். அந்த 100 மோசடிகளில் 80 பிடிபட்டன, 20 தப்பின. நேர்மையான 100 கோரிக்கைகளில் 10 வீணாகச் சந்தேகிக்கப்பட்டன. ஆகவே, மாதிரி சந்தேகித்த 90 பேரில் 80 பேர் உண்மையில் மோசடி செய்தவர்கள். இந்த 80/90 என்பதே பிரிசிஷன், அதாவது 0.89. உண்மையில் இருந்த 100 மோசடிகளில் பிடிபட்ட 80 என்பது ரீகால், அதாவது 0.80. மொத்தம் 200 கோரிக்கைகளில் சரியாகக் கணிக்கப்பட்ட 170 என்பது அக்யூரசி, அதாவது 0.85. முதல் மாதிரிக்கு இவை மிக நல்ல எண்கள் என்று யாருக்கும் தோன்றும்.

ஆனால் விசாரணைக் குழுவின் மேசைக்கு வரும் கோரிக்கைகளில் பாதி மோசடியாக இருப்பதில்லை. நம் எடுத்துக்காட்டில் 2000 கோரிக்கைகளுக்கு 40 மட்டுமே மோசடி என்று வைத்துக்கொண்டு, அதே மாதிரியை அந்தக் கலவையின் மேல் ஓட்டினால் வருவது இதுதான்:

```python
from sklearn.metrics import confusion_matrix
print(confusion_matrix(y_true, y_pred))
# [[1764  196]
#  [   8   32]]
```

மாதிரி சிறிதும் மாறவில்லை. முன்பு போலவே மோசடிகளில் 80 விழுக்காட்டைப் பிடிக்கிறது, நேர்மையானவற்றில் 10 விழுக்காட்டைத் தவறாகச் சந்தேகிக்கிறது. ஆனால் 1960 பேரில் 10 விழுக்காடு என்பது 196 பேர். பிடிபட்ட 32 மோசடிகள் அந்தக் கூட்டத்துக்குள் மறைந்துவிடுகின்றன. பிரிசிஷன் 32/228, அதாவது 0.14. விசாரணையாளர் ஏழு கோப்புகளைத் திறந்தால் ஏறக்குறைய ஒன்றில்தான் மோசடி இருக்கும். ரீகால் மட்டும் 0.80 ஆகவே நிற்கிறது, ஏனெனில் அது மோசடிகளுக்குள்ளேயே கணக்கிடப்படுவது. நேர்மையானவர்கள் எத்தனை பேர் என்பது அதைத் தொடுவதில்லை. பிரிசிஷனோ இரு வகையினரையும் கலந்து கணக்கிடப்படுவதால், கலவை மாறினால் அதுவும் மாறும். பயிற்றுவிக்கும் தரவைச் சமப்படுத்துவது ஒரு முறை, அதில் தவறில்லை; சோதனைத் தரவு மட்டும் நடைமுறையில் வரும் விகிதத்திலேயே இருக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் நடுவில் அக்யூரசி 0.85 இலிருந்து 0.90 ஆக உயர்ந்திருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். எல்லாக் கோரிக்கைகளையும் நேர்மையானவை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் ஒரு மாதிரிக்கு இங்கே 0.98 கிடைக்கும். classification_report அச்சிடும் அட்டவணையில் weighted avg என்ற கடைசி வரியைப் படித்தாலும் பிரிசிஷன் 0.98 என்றே தெரியும், ஏனெனில் அந்தச் சராசரியில் நேர்மையான 1960 பேரின் எடைதான் பேசுகிறது. படிக்க வேண்டியது மோசடி வகுப்புக்கு உரிய வரியை மட்டும்தான்.

மேலே confusion_matrix அச்சிட்ட அணியின் நான்கு எண்களைப் படிக்கும்போது எது எங்கே இருக்கிறது என்பதில் பலரும் தடுமாறுகிறார்கள். பல பாடநூல்கள் சரியாகப் பிடிபட்டவற்றை இடது மேல் மூலையில் இடுகின்றன; scikit-learn வகுப்புப் பெயர்களை வரிசைப்படுத்தி நேர்மையானவற்றைக் குறிக்கும் 0 ஐ முதலில் வைப்பதால், இங்கே அவை வலது கீழ் மூலையில் இருக்கின்றன. வரிசைகள் உண்மை நிலையையும் நெடுவரிசைகள் மாதிரியின் கணிப்பையும் காட்டுகின்றன. y_true, y_pred இரண்டையும் இடம் மாற்றிக் கொடுத்துவிட்டால் நிரல் எந்தப் பிழையும் காட்டாது, அக்யூரசியும் மாறாது. ஆனால் பிரிசிஷன் ரீகாலாகவும் ரீகால் பிரிசிஷனாகவும் அறிக்கையில் ஏறிவிடும். இதைக் கண்டுபிடிக்க வரிசைகளைக் கூட்டிப் பார்த்தாலே போதும். மேல் வரிசை 1960 என்றும் கீழ் வரிசை 40 என்றும் வந்தால் சரி. 1772, 228 என்று வந்தால் அணி புரண்டிருக்கிறது.

228 கோப்புகளை விசாரிக்க ஆள் இல்லை; குழுவால் 60 வரை பார்க்க முடியும் என்று கொள்வோம். மோசடிக்கான வாய்ப்பு எவ்வளவைத் தாண்டினால் சந்தேகிப்பது என்பதற்கு predict தானாக 0.5 என்ற வெட்டுப்புள்ளியைப் பயன்படுத்துகிறது; அது யாரும் ஆராய்ந்து தேர்ந்தெடுத்த எண் அல்ல. சமப்படுத்திய தரவில் பயின்ற மாதிரி மோசடிக்கான வாய்ப்பை மிகைப்படுத்தியே சொல்லும் என்பதால், இங்கே அந்த எண்ணுக்குப் பொருளும் குறைவு. predict_proba தரும் மதிப்புகளை எடுத்து, வெட்டுப்புள்ளியை 0.8 க்கு உயர்த்தினால் 54 கோரிக்கைகள் மட்டும் சந்தேகத்துக்கு உள்ளாகின்றன. அவற்றுள் 22 மோசடி. பிரிசிஷன் 0.41 ஆக ஏறுகிறது, ரீகால் 0.55 ஆக இறங்குகிறது. எது மேல் என்பதை அணி சொல்லாது. தப்பவிட்ட ஒரு மோசடியால் நேரும் இழப்பும், நேர்மையான ஒருவரைக் காத்திருக்க வைப்பதால் வரும் பாதிப்பும் எவ்வளவு என்பதை விசாரணைக் குழுவினர்தான் சொல்ல வேண்டும். மாணவர் தனியாக உட்கார்ந்து இதை முடிவு செய்யக் கூடாது என்பது என் கருத்து. வெட்டுப்புள்ளியைத் தேர்ந்தெடுப்பதும் அதற்கென ஒதுக்கிய வேறொரு தரவின் மேல் நடக்க வேண்டும்; சோதனைத் தரவைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் முடிவு உள்ளதைவிட நன்றாகத் தெரியும். இந்த 0.55 ஐயும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். 40 வழக்குகளிலிருந்து வந்த எண் அது. அதன் 95 விழுக்காட்டு நம்பக இடைவெளி ஏறத்தாழ 0.40 முதல் 0.70 வரை விரிகிறது.

கலவை மாறுவது என்பது நம் தீவில் வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. 2024 சனவரி 15 அன்று பெலால் புயலின்போது போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம் வாகனங்களை அடித்துச் சென்றதை எல்லோரும் பார்த்தோம். அத்தகைய நாள்களுக்குப் பின் நேர்மையான கோரிக்கைகள் குவியும். நம் எடுத்துக்காட்டில் அவை இரு மடங்காகி, மோசடிகள் 40 ஆகவே இருந்தால், 0.5 வெட்டுப்புள்ளியில் வீண் சந்தேகங்கள் 392 ஆகும், பிரிசிஷன் 0.08 க்கு வீழும். அதுவும் வெள்ளக் கோரிக்கைகள் மாதிரியின் கண்ணுக்கு வழக்கமானவையாகத் தெரிந்தால்தான். ஒரே நாளில், ஒரே பகுதியிலிருந்து, முழுச் சேதம் என்று வருபவை அதற்கு விந்தையாகத் தோன்றி 10 விழுக்காட்டுக்கும் மேல் பிடிபடக்கூடும். எனவே புயல் மாதங்களையும் பிற மாதங்களையும் பிரித்துத் தனித்தனி அணிகள் போட்டுப் பார்ப்பது நல்லது.

இறுதியாக, y_true இல் உள்ள 0 எங்கிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும். விசாரணையில் மோசடி என்று உறுதியானவற்றுக்கு 1 என்று இடுகிறோம். யாரும் விசாரிக்காமல் பணம் கொடுத்து முடித்த கோப்புகளும் 0 என்றே பதிவாகின்றன. அப்படியானால் அணியின் 196 வீண் சந்தேகங்களில் சில உண்மையிலேயே மோசடியாக இருக்கலாம், நேர்மையானவை என்று எண்ணிய 1764 இலும் சில ஒளிந்திருக்கலாம். மாதிரி சந்தேகிக்காத கோரிக்கைகளிலிருந்தும் குருட்டுவாக்கில் சிலவற்றை எடுத்து, விசாரணைக் குழு மாதந்தோறும் பார்த்துவந்தால்தான் இந்த ரீகால் எவ்வளவு தூரம் உண்மை என்று மதிப்பிட முடியும்.