போஸ்டிங் டைம் மாறினது டீமுக்கு ஏன் தெரியாம போச்சு

ஒரு துணிக்கடையோட சோஷியல் மீடியா வேலைய எங்க டீம்தான் பாத்துக்கிட்டு இருந்தோம். 2025 தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னாடி, அக்டோபர் 18 காலைல 9 மணிக்கு போக வேண்டிய ஆஃபர் போஸ்ட்ட கடைக்காரர் சாயங்காலம் 6 மணிக்கு மாத்தச் சொன்னாரு, நானும் ஷெட்யூலிங் டூல்ல மாத்திட்டேன். ஆனா கமெண்ட்டுக்கு பதில் போடற பொண்ணு காலைல எட்டே முக்காலுக்கே வந்து உக்காந்துட்டாங்க, சாயங்காலம் போஸ்ட் போனப்ப யாரும் இல்ல, "ஸ்டாக் இருக்கா"ன்னு கேட்டவங்களுக்கு ராத்திரி வரைக்கும் பதிலே போகல.

அவங்க காலண்டர்ல இன்னும் காலைல 9 மணின்னுதான் இருந்துச்சு. ஏன்னா டூல் குடுத்த .ics ஃபைல டவுன்லோட் பண்ணி கூகுள் காலண்டர்ல Import பண்ணியிருந்தாங்க. Import-ங்கிறது அந்த நேரத்துல இருந்தத அப்படியே ஒரு காப்பி எடுக்கறதுதான், அப்புறம் நாம எத்தன தடவ மாத்தினாலும் அங்க ஒண்ணும் ஆகாது. பண்ண வேண்டியது என்னன்னா, கம்ப்யூட்டர்ல Other calendars பக்கத்துல இருக்கற + அழுத்தி, From URL எடுத்து, டூல் குடுக்கற ஃபீடோட லிங்க்க ஒட்டணும், ஃபீட்னா டூல்ல மாத்தறதெல்லாம் தானா வந்து சேர்ற காலண்டர் லிங்க். சரியா இருக்கான்னு பாக்க ஒரு போஸ்ட்ட காலண்டர்ல திறந்து நேரத்த மாத்தப் பாருங்க, மாத்த விட்டா அது காப்பி, விடலைன்னா ஃபீட்.

ஆனா ஃபீட் போட்டாலும் உடனே மாறாது. கூகுள் அந்த லிங்க்க தன் இஷ்டத்துக்குதான் வந்து பாக்கும், 12 மணி நேரம் வரைக்கும் ஆகலாம்னு அவங்களே சொல்றாங்க, நாம சீக்கிரமா இழுக்கறதுக்கு பட்டன் கெடையாது. அதனால அடுத்த வாரம் என்ன போகுதுன்னு பாக்க ஃபீட் போதும், இன்னைக்கே நேரம் மாறினா வாட்ஸ்அப் குரூப்ல தனியா சொல்லியே ஆகணும், நாங்க இப்ப அப்படித்தான் பண்றோம். உடனே தெரியணும்னா டீமுக்குன்னு ஒரு கூகுள் காலண்டர ஷேர் பண்ணி, டூல் நேரா அதுல எழுதற மாதிரி கனெக்ட் பண்ணணும், எல்லா டூல்லயும் அந்த வசதி இருக்காது.

இன்னொண்ணு, எல்லா போஸ்ட்டும் அஞ்சரை மணி நேரம் தள்ளி காட்டுச்சுன்னா ஃபீட டவுன்லோட் பண்ணி டெக்ஸ்ட் எடிட்டர்ல திறந்து இந்த லைன பாருங்க:

```
DTSTART:20251018T090000Z
```

கடைசில இருக்கற Z-ன்னா அது உலகத்துக்குப் பொதுவான UTC நேரம், அப்ப காலைல 9 மணி போஸ்ட் நம்ம காலண்டர்ல மதியம் 2:30-ன்னு வந்து நிக்கும். நம்ம ஊர் 9 மணிக்கு அங்க 033000Z-ன்னு இருக்கணும். டூலோட செட்டிங்ஸ்ல டைம்ஸோன் Asia/Kolkata-வா இருக்கான்னு பாத்து மாத்துங்க, மாத்தினப்புறம் காலண்டர்ல அது சரியாகறதுக்கு அதே 12 மணி நேரம் வரைக்கும் ஆகலாம், அவசரப்பட்டு மறுபடி மறுபடி லிங்க்க சேக்காதீங்க.