புல் எது, பாதை எது: 0.96 என்ற எண்ணை நான் நம்பிய கதை

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம், புல்வெட்டும் ரோபோக்களுக்குக் கேமரா மென்பொருள் எழுதும் குழுவில் வேலை பார்க்கிறேன். புல்தரையைச் சுற்றி மண்ணுக்குள் எல்லைக் கம்பி பதித்து, அந்தக் கம்பியின் சிக்னல் தெரிந்ததும் ரோபோ திரும்பிக்கொள்வதுதான் இங்கே நெடுநாள் வழக்கம். இப்போது கம்பியே இல்லாமல், கேமரா பார்த்துச் சொல்வதை நம்பி ஓடும் ரோபோக்களும் வந்துவிட்டன. அவற்றுக்குள் இருக்கும் செக்மென்டேஷன் மாடல், படத்தின் ஒவ்வொரு பிக்சலையும் பார்த்து "இது புல், இது பாதை" என்று பிரித்துச் சொல்லும். அது தவறினால் என்ன ஆகும் என்பதை ஒரு ஜூலை மாத மதியத்தில் நேரிலேயே பார்த்தேன்.

ஒரு புதிய தோட்டத்தில் சோதனை ஓட்டம். மழையில்லாமல் புல்தரை வைக்கோல் நிறத்துக்கு மாறியிருந்தது. ரோபோ புல்லை முடித்துவிட்டு, கத்தி சுழன்றபடியே சரளைக்கல் பாதைக்குள் நுழைந்தது. ஒரு கல் தெறித்து வீட்டின் கண்ணாடிக் கதவில் விரிசல் விழுந்தது. அந்த நேரத்தில் வெளியே யாரும் இல்லை. எங்கள் அறிக்கையிலோ, பாதையைக் கண்டுபிடிப்பதற்கான ஐஓயூ 0.96 என்று இருந்தது.

ஐஓயூ என்பது எளிய கணக்குதான். மாடல் "பாதை" என்று காட்டிய பகுதியையும் உண்மையான பாதையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, இரண்டும் பொருந்தும் பரப்பை இரண்டும் சேர்ந்து மூடும் மொத்தப் பரப்பால் வகுக்க வேண்டும். 1 வந்தால் முழுப் பொருத்தம். சரியான பிக்சல்களின் சதவீதத்தை மட்டும் பார்ப்பதைவிட இது நேர்மையானது. படத்தில் பாதை 5 சதவீதம்தான் இருக்கிறது என்றால், எல்லாவற்றையும் புல் என்று சொல்லும் மாடலுக்கும் 95 சதவீதம் கிடைத்துவிடும். ஆனால் பாதையின் ஐஓயூ சுழியம். ஆகவே அளவுகோலில் குறையில்லை. எதை அளந்தோம் என்பதில்தான் தவறு.

எட்டுத் தோட்டங்களில் வீடியோ எடுத்திருந்தோம். நொடிக்கு 30 ஃபிரேம். அதில் ஐந்துக்கு ஒன்றை எடுத்து லேபிள் போட்டோம். எல்லாவற்றையும் கலைத்துப்போட்டு, ஒரு பங்கைச் சோதனைக்கு ஒதுக்கினோம். ரோபோ நொடிக்கு 40 செ.மீ. நகர்கிறது. ஐந்து ஃபிரேம் இடைவெளி என்றால் ஏறத்தாழ 7 செ.மீ. சோதனைக்கு வைத்த ஏறத்தாழ ஒவ்வொரு படத்துக்கும், 7 செ.மீ. தள்ளி எடுத்த இரட்டைப் படம் பயிற்சியில் இருந்தது! அந்த எட்டுத் தோட்டங்களை மாடல் மனப்பாடம் செய்துகொண்டு நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறது. ஒன்பதாவது தோட்டத்தைப் பற்றி 0.96 எதுவுமே சொல்லவில்லை.

இதைத் தவிர்க்க, படங்களைப் பிரிக்கும்போது ஒரு தோட்டம் முழுவதும் ஒரே பக்கம் போக வேண்டும்:

```python
from sklearn.model_selection import GroupShuffleSplit
gss = GroupShuffleSplit(n_splits=1, test_size=0.25, random_state=0)
train_idx, val_idx = next(gss.split(frames, groups=garden_ids))
```

எட்டில் இரண்டு தோட்டங்கள் முழுமையாக வெளியே நின்றன. அதே மாடலை (நாங்கள் பயன்படுத்தியது `lraspp_mobilenet_v3_large`) அதே அமைப்புகளுடன் மறுபடி பயிற்றுவித்தோம். பாதையின் ஐஓயூ 0.71. பார்க்கவே மனம் கனத்தது. ஆனால் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகும் மாடலின் உண்மையான நிலை அதுதான்.

அப்புறம் மோசமாக வந்த ஐம்பது படங்களை எடுத்து, மாடலின் விடையை மேலே வண்ணமாகப் பூசி ஒவ்வொன்றாகப் பார்த்தோம். சராசரியில் தெரியாதது இப்படி உட்கார்ந்து பார்க்கும்போது தெரிந்துவிடுகிறது. பாசி படர்ந்த கல்பாதை புல்லாகியிருந்தது. காய்ந்த புல் பாதையாகியிருந்தது. நிறத்தை மட்டும் பிடித்துக்கொண்டதோ என்ற சந்தேகத்தில், சோதனைப் படங்களைக் கறுப்பு வெள்ளையாக்கிக் கொடுத்தோம். ஒரு மனிதரால் கறுப்பு வெள்ளைப் படத்திலும் புல்லைச் சொல்ல முடியும். எங்கள் மாடல் அதில் அடியோடு சரிந்தது. வீடியோ எல்லாம் மே மாதத்தில் எடுத்தது. மே மாதத்தில் பச்சை என்றால் புல் என்பது நிஜமாகவே செல்லுபடியாகும் குறுக்குவழி. ஜூலையில் அது செல்லாது.

பயிற்சியின்போது நிறத்தையும் வெளிச்சத்தையும் தாறுமாறாக மாற்றிக் கொடுப்பது ஓரளவு உதவியது. கேமராவின் தானியங்கி வெள்ளைச் சமநிலையையும் அணைத்தோம். படம் முழுக்கப் பச்சையாக இருந்தால் அது பச்சையைக் குறைக்கப் பார்க்கும். அதில் சாம்பல் நிறப் பாதைகூட இளஞ்சிவப்பாகிவிடும். என்றாலும் பெரிய மாற்றத்தைத் தந்தது, ஜூலையிலும் அக்டோபரிலும் புதிய தோட்டங்களுக்குப் போய் எடுத்த படங்கள்தான். ஒரே தோட்டத்தில் ஆயிரம் படம் எடுப்பதைவிட, இருபது தோட்டங்களில் ஐம்பது ஐம்பதாக எடுப்பது எவ்வளவோ மேல்.

லேபிளிலும் ஒரு குழப்பம் இருந்தது. கல் இடுக்கில் முளைத்த புல்லுக்கு ஒருவர் "புல்" என்று வரைந்தார், இன்னொருவர் "பாதை" என்று வரைந்தார். அவரவர் பார்வையில் இருவரும் சரி. அதனால் கேள்வியையே மாற்றினோம்: "இந்த இடத்தில் கத்தி சுழலலாமா?" இடுக்குப் புல்லுக்கு விடை கூடாது. பாசிக்கும் கூடாது. புல்லின்மேல் உதிர்ந்த இலைகளுக்குச் சரி. சரளை சிதறிய புல் ஓரத்துக்குக் கூடாது. உண்மையிலேயே தீர்மானிக்க முடியாத மெல்லிய விளிம்புக்கு 255 என்ற எண்ணைக் கொடுத்து, `ignore_index=255` மூலம் பயிற்சிக் கணக்கிலிருந்து விலக்கினோம். ஒரே ஐம்பது படங்களை இருவரிடம் தனித்தனியாகக் கொடுத்து, அவர்களுக்குள் வரும் ஐஓயூவையும் பாருங்கள். மனிதர்களே ஒத்துப்போகாத இடத்தில் மாடலைக் குறைசொல்லிப் பயனில்லை.

தூரக் கணக்கும் முக்கியம். எங்கள் கேமரா தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, குவியத் தூரம் 500 பிக்சல். இந்த அமைப்பில் 1 மீட்டர் தூரத்தில் ஒரு பிக்சல் தவறு தரையில் 0.7 செ.மீ.கூட வராது. 3 மீட்டரில் அதே ஒரு பிக்சல் 6 செ.மீ. இந்த மாடலின் விடை எட்டுப் பிக்சலுக்கு ஒன்றாகத்தான் வருகிறது. எனவே 1 மீட்டரில் சுமார் 5 செ.மீ., 3 மீட்டரிலோ அரை மீட்டர் அளவுக்குப் பிசகலாம். தொலைவில் தெரிவதை வேகம் குறைக்க மட்டும் பயன்படுத்தி, கத்தியை நிறுத்துவதா என்ற முடிவை ஒரு மீட்டருக்குள் தெரியும் பகுதியை வைத்து எடுக்கிறோம். அதிலும் இரண்டு தவறுகளும் சமமில்லை. புல்லைப் பாதை என்று நினைத்தால் ஒரு திட்டு வெட்டாமல் நிற்கும். பாதையைப் புல் என்று நினைத்தால் கல் பறக்கும். அதனால் தொடர்ந்து பல ஃபிரேம்களில் "புல்" என்பதன் நிகழ்தகவு 0.8-ஐத் தாண்டினால்தான் கத்தி சுழலும். காய்ந்த தரையில் ரோபோ அடிக்கடி தயங்கி நிற்கிறது என்று புகார் வருகிறது. அந்தப் புகாரை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இப்போது பார்க்காத தோட்டங்களில் பாதையின் ஐஓயூ 0.88. மாலையில் சூரியன் தாழ்ந்து நேராக லென்ஸில் அடிக்கும்போது இன்னும் தடுமாறுகிறது. அந்த வேளையில் கத்தியை நிறுத்திவிடுகிறோம். புல்லின் அடியில் மறைந்து கிடக்கும் சரளைக்கல்லை எந்த மாடலாலும் பார்க்க முடியாது, ஏனென்றால் அது படத்திலேயே இல்லை. உங்கள் வீட்டில் சரளைப் பாதை இருந்தால், புல்லுக்கும் அதற்கும் இடையே கல் சிதறாதபடி ஒரு விளிம்புக்கல் வரிசை பதித்துவிடுங்கள். ரோபோவை ஓட விடும் முன் ஓரத்தை ஒருமுறை பெருக்குங்கள். அது ஓடும் நேரத்தில் குழந்தைகளை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.