நாலு வயதுப் பிள்ளைக்கு ‘அ’ ஏன் வருவதில்லை?

நவராத்திரி முடிந்து ஏடு தொடக்கிய கையோடு எங்கள் முன்பள்ளிக்கு வரும் அம்மாக்களிடம் அநேகமாக ஒரே கேள்விதான் இருக்கும். போன முறை உப்புவெளியிலிருந்து வந்த ஒரு அம்மா கொப்பியைத் திறந்து காட்டினார். “டீச்சர், பக்கத்து வீட்டுப் பிள்ளை தன்ர பேரை எழுதுது. இவனுக்கு நாலு வயது முடிஞ்சிட்டுது, இன்னும் ‘அ’ வருகுதில்லை. இப்பவே ரியூசன் விட்டால் நல்லம்தானே?” பக்கம் முழுக்கப் புள்ளியிட்ட ‘அ’, அதன் மேல் அழுத்தி அழுத்தி இழுத்த பென்சில் கோடு, இரண்டு இடத்தில் தாளே கிழிந்திருந்தது.

நான் ஒரு வெற்றுத் தாளைக் கொடுத்து, வட்டம், கூட்டல் குறி, சதுரம் மூன்றையும் பார்த்து வரையச் சொன்னேன். வட்டம் வந்தது, கூட்டல் குறியும் வந்தது, சதுரம் மட்டும் உருளைக்கிழங்கு மாதிரி உருண்டுபோனது. அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது, ஆனால் இது நாலு வயதுக்குச் சரியான படம்தான். பார்த்து வரைவதில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வட்டம் மூன்று வயதளவில் வரும், கூட்டல் குறி நாலில், சதுரம் ஐந்தை ஒட்டி, சாய்சதுரம் ஏழளவில். மூலையில் கையை நிறுத்தி, திசையை மாற்றி, அடுத்த கோட்டை எங்கே முடிப்பது என்று முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும், கண்ணும் கையும் சேர்ந்து அதைச் செய்யக் காலம் எடுக்கிறது. இப்போது ‘அ’வைப் பாருங்கள். ஒரு சுழி, ஒரு பெரிய வளைவு, பிறகு ஒரு படுக்கைக் கோடு, கடைசியில் ஒரு நேர்க்கோடு. சதுரமே வராத கைக்கு நாம் முதலில் கொடுப்பது இதை! ‘ட’வும் ‘ப’வும் இரண்டு மூன்று நேர்க்கோடுதான், அகர வரிசையில் பின்னால் வந்தாலும் கைக்கு அவைதான் முதல்.

சரி, புள்ளியில் எழுதிப் பழகினால் வந்துவிடாதா? புள்ளியை அழித்துவிட்டு எழுதச் சொல்லிப் பாருங்கள். அந்தப் பையன் விழித்துக்கொண்டு நின்றான், ஏனென்றால் அவன் அதுவரை எழுத்தை எழுதவில்லை, ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தான். அமெரிக்காவின் இன்டியானா பல்கலைக்கழகத்தில் கரின் ஜேம்ஸ் 2012இல் வெளியிட்ட ஆய்வில், இன்னும் வாசிக்கத் தெரியாத ஐந்து வயதை ஒட்டிய பிள்ளைகள் சில எழுத்துகளைக் கையால் எழுதினார்கள், சிலவற்றைக் கோட்டின் மேல் இழுத்தார்கள், சிலவற்றை விசைப்பலகையில் தட்டினார்கள். பிறகு அந்த எழுத்துகளைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தபோது, வாசிப்புக்குரிய பகுதிகள் நன்றாகத் தூண்டப்பட்டது தாங்களாகக் கோணலும் மாணலுமாக எழுதியவற்றுக்குத்தான். சிறிய ஆய்வு, ஆங்கில எழுத்துகள், அதனால் அதை அளவோடுதான் எடுக்க வேண்டும். ஆனாலும் கோணலான எழுத்தைக் கண்டு பதற வேண்டியதில்லை என்று சொல்ல எனக்கு அது போதும்.

அதனால் அவனுக்குப் பென்சிலை ஒதுக்கிவிட்டு, ஈர மணலில் விரலால் பெரிய ‘ட’, ‘ப’ எழுதக் கொடுத்தோம், ஏடு தொடக்கும்போது அரிசியில் விரல் பிடித்து எழுத வைப்பது போலத்தான். பெரிதாக எழுதும்போது தோளும் முழங்கையும் வேலை செய்யும், விரல் நுனி இன்னும் பழகாதது தடையாகாது. மாவு குழைப்பதும் உடுப்புக்கு கிளிப் போடுவதும் விரலுக்கு வேறாக.

வாசிப்பு கையைவிடக் காதில்தான் தொடங்குகிறது. ‘கடல்’ என்று சொல்லி ‘க’வை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன என்று கேளுங்கள். ‘டல்’ என்று சிரித்துக்கொண்டே சொல்கிற பிள்ளைக்கு, சொல் ஒலித்துண்டுகளால் ஆனது என்பது பிடிபட்டுவிட்டது. அது தெரியாத பிள்ளைக்கு எழுத்து வெறும் படம், மனப்பாடம் செய்யும், வரிசை மாற்றிக் காட்டினால் தடுமாறும். தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘கெ’ என்பதில் காதுக்கு ‘க்’ முதலில், ‘எ’ பிறகு, ஆனால் தாளில் கொம்புதான் முதலில் நிற்கிறது. ‘கொ’வில் உயிர்க்குறி இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கும். ஒலியைப் பிரித்துக் கேட்கத் தெரிந்த பிள்ளை இதைத் தாங்கும், தெரியாததற்கு 247 எழுத்தும் 247 தனிப் படம். நல்ல வேளை, இந்த விளையாட்டுக்கு மேசை வேண்டாம், பஸ்ஸில் நிலாவெளி போய்வரும் நேரம் போதும்.

இப்படி எழுத்தைப் பிந்தித் தொடங்கினால் பின்தங்கிவிட மாட்டானா என்பதுதான் அந்த அம்மாவின் உண்மையான பயம். நியூசிலாந்தில் செபஸ்தியன் சுகேட்டும் கூட்டாளிகளும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயதில் வாசிப்புத் தொடங்கியவர்களையும் ஏழில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டார்கள். தொடக்கத்தில் முந்தியவர்கள் முன்னால்தான் இருந்தார்கள், 11 வயதளவில் வாசிப்புத் திறனில் வித்தியாசம் இல்லை, புரிந்து வாசிப்பதில் பிந்தியவர்கள் சற்று மேல். ஆனால் பிந்தித் தொடங்கியவர்கள் சும்மா இருக்கவில்லை, அவர்கள் படித்த ஸ்டைனர் பள்ளிகளில் கதையும் பேச்சும் பாட்டும் நிறைய. அது இல்லாமல் தொலைபேசியைக் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் இதே பலன் வரும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

பிள்ளை தானாக “என்ர பேரை எப்படி எழுதுறது?” என்று கேட்டால் தாராளமாகக் காட்டுங்கள். நாலு வயதில் எழுத்து வராதது எனக்குக் கவலையில்லை. முழு வசனமாகப் பேசாதது, சொன்னது விளங்காதது, கூப்பிட்டால் திரும்பாதது, இவற்றுக்குத்தான் உடனே வைத்தியரிடம் காட்டச் சொல்வேன்.