பிழையைப் பங்கிடும் முன் அதன் திசையைப் பாருங்கள்

நில அளவையில் ஒரு புள்ளியில் தொடங்கிக் கோடு கோடாக அளந்து அதே புள்ளிக்குத் திரும்பி வரும் மூடிய டிராவர்ஸை அளந்து முடித்ததும் பலர் நேராக மென்பொருளில் சரிசெய்யும் பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். கணக்கு மூடிவிடும், வரைபடமும் அழகாக வந்துவிடும். ஆனால் பங்கிடக் கூடாத பிழையைப் பங்கிட்டால் நன்றாக அளந்த கோடுகளும் கெட்டுப்போகும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

AB 200 மீ, BC 150, CD 250, DA 200 என்று நான்கு கோடுகள், மொத்தம் 800 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதலில் கோணங்கள். உட்கோணங்களின் கூட்டுத்தொகை 360° வர வேண்டும். 40 விநாடி கூடுதலாக இருந்தால் ஒவ்வொரு கோணத்திலும் 10 விநாடி கழிக்கலாம். கோணம் பெரியதோ சிறியதோ, கருவியை நிறுத்திப் பார்ப்பதில் வரும் பிழை ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் சமமாகப் பிரிக்கிறோம்.

அப்புறம் ஒவ்வொரு கோட்டையும் வடக்கு, கிழக்குக் கூறுகளாகப் பிரித்துக் கூட்ட வேண்டும். இரண்டு கூட்டலும் பூஜ்யம் வர வேண்டும். நமக்கு வடக்கில் +0.08, கிழக்கில் −0.06 வருகிறது. அதாவது மூடல் பிழை 10 செ.மீ., விகிதம் 1:8000. உங்கள் வேலைக்கு வகுத்த வரம்புக்குள் இது இருந்தால் பவுடிச் முறையில் கோட்டின் நீளத்துக்கு ஏற்பப் பங்கிடலாம். CD-க்கு வடக்கில் 0.08 × 250 ÷ 800 = 0.025 கழிக்க வேண்டும், கிழக்கில் 0.019 கூட்ட வேண்டும். BC-க்கு 0.015, 0.011. மற்ற இரண்டு கோடுகளுக்கும் 0.020, 0.015.

இதே டிராவர்ஸில் +0.80, −0.60 வந்தால் கதை வேறு. பிழை சரியாக 1 மீட்டர்! இது சிறு சிறு பிழைகள் சேர்ந்து வந்தது இல்லை. ஏதோ ஒரு கோட்டில் டேப்பைத் தவறாகப் படித்திருக்கலாம். பிழையின் திசை வடக்கிலிருந்து மேற்கே சுமார் 37°. அந்தத் திசையிலோ அதற்கு நேர் எதிர்த் திசையிலோ ஓடும் கோடு எது என்று பாருங்கள். சந்தேகம் அதன்மேல்தான். அதை மட்டும் மறுபடி அளந்தால் போதும். அப்படியே பங்கிட்டால் சரியாக அளந்த CD-யும் 31 செ.மீ. நகர்ந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூடல் பிழை சிறிதாக இருப்பதால் மட்டும் அளவு சரி என்று ஆகிவிடாது. டேப் நீண்டுபோயிருந்தால் எல்லாக் கோடுகளும் ஒரே விகிதத்தில் குறைந்துதான் பதிவாகும். உருவம் அப்படியே மூடிக்கொள்ளும், பரப்பளவு மட்டும் தவறாக வரும். தொடக்கத் திசைக்கோணம் தவறினாலும் இப்படித்தான்: முழு உருவமும் திரும்பி நிற்கும், கூட்டலில் ஒன்றும் தெரியாது. எந்தப் பங்கீடும் இவற்றைத் திருத்தாது. டேப்பைத் தெரிந்த நீளத்தோடு ஒப்பிட்டும், திசையை வேறொரு நிலையான புள்ளியிலிருந்து சரிபார்த்தும்தான் பிடிக்க முடியும்.

பங்கிட்டு முடித்த பிறகு கோடுகளின் நீளத்தையும் திசையையும் புதிய ஆயத்தொலைவுகளிலிருந்து மறுபடி கணக்கிட்டு வரைபடத்தில் எழுதுங்கள். களப்புத்தகத்திலுள்ள பழைய நீளத்தை எழுதிவிட்டால் வரைபடத்தின் எண்களே ஒன்றோடொன்று ஒத்துப்போகாது.