ஹார்டு டிஸ்கைக் காயவிடாதீர்கள்: வெள்ளத்தில் நனைந்த டிரைவும் தரவு மீட்பும்

வெள்ளம் வடிந்ததும் வீட்டில் எல்லாவற்றையும் வெயிலில் பரப்புகிறோம். துணி, புத்தகம், மெத்தை எல்லாவற்றுக்கும் அது சரி. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஹார்டு டிஸ்க்குக்கு மட்டும் அது கூடாது. அதை ஈரத்தோடு, மின்சாரம் கொடுக்காமல் வைத்திருந்தால் உள்ளே இருக்கும் படங்களும் கோப்புகளும் திரும்பக் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. நன்றாகக் காயவைத்து, ஓடுகிறதா பார்ப்போம் என்று ஒருமுறை ஆன் செய்தால் அந்த வாய்ப்பு பெரும்பாலும் அப்போதே போய்விடும்.

தரவு இருப்பது உள்ளே சுழலும் வட்டத் தட்டுகளின் மேல், காந்தப் பூச்சு ஒன்றில். தண்ணீர் காந்தத்தை அழிக்காது. பூச்சின் மேல் கார்பனால் ஆன கடினமான பாதுகாப்புப் படலம் ஒன்றும், அதன் மேல் ஓரிரு நானோமீட்டர் கனத்தில் மசகுப் படலமும் இருக்கின்றன. சேற்றுநீரில் ஒரு நாள் கிடந்தாலும் தட்டில் எழுதியது பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். அதைப் படிக்கும் ஹெட்டுக்குத்தான் ஆபத்து. சுழலும் தட்டு இழுத்துவரும் காற்றின் மேல் ஹெட் மிதக்கிறது. படிக்கும் நேரத்தில் அதற்கும் தட்டுக்கும் இடைவெளி சில நானோமீட்டர்தான். வெள்ளநீரில் மிதந்து வரும் வண்டல் துகளோ 2 முதல் 60 மைக்ரான் வரை இருக்கும். அதாவது மிகச் சிறிய வண்டல் துகள்கூட அந்த இடைவெளியைப் போல் பல நூறு மடங்கு பெரியது.

மூடிய பெட்டிதானே, தண்ணீர் எப்படி உள்ளே போகும் என்று தோன்றும். சாதாரண ஹார்டு டிஸ்க் முழுக்க மூடப்பட்டதல்ல. மூடியில் சிறிய துளை ஒன்று இருக்கும். பக்கத்திலேயே அதை மறைக்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் அச்சிடப்பட்டிருக்கும். உள்ளும் புறமும் காற்றழுத்தம் சமமாக இருப்பதற்கான மூச்சுத்துளை அது. அதன் பின்னால் ஒரு வடிகட்டி உண்டு. 45 டிகிரி சூட்டில் ஓடிக்கொண்டிருந்த டிரைவ் 27 டிகிரி தண்ணீரில் மூழ்கினால் உள்ளே இருக்கும் காற்று சுமார் 6 சதவீதம் சுருங்கும். ஒரு மீட்டர் ஆழத்தின் அழுத்தம் இன்னும் 9 சதவீதம் சுருக்கும். இரண்டும் சேர்ந்தால், உள்ளே இருக்கும் இடத்தில் ஏழில் ஒரு பங்கு வரை தண்ணீரை இழுத்துக்கொள்ளலாம். வடிகட்டி ஓரளவு தடுப்பதால் சில சமயம் சில சொட்டுகளே போயிருக்கும், சில சமயம் ஒன்றுமே போயிருக்காது. வெளியிலிருந்து பார்த்து இதைச் சொல்ல முடியாது. ஹீலியம் நிரப்பிய டிரைவுகள் மட்டும் விதிவிலக்கு. அவற்றை வெல்டிங் செய்து அடைத்திருப்பதால் மூச்சுத்துளை இல்லை. ஆனாலும் வெளியே இருக்கும் சர்க்யூட் போர்டு நனைந்துதான் இருக்கும்.

காய்ந்தால் என்ன கெடுகிறது? வெள்ளநீர் வெறும் தண்ணீரல்ல. உப்பு, சுண்ணாம்பு, களிமண், எண்ணெய், சாக்கடைக் கழிவு எல்லாம் அதில் கலந்திருக்கும். உப்புத்தண்ணீர் காய்ந்த வாளியின் விளிம்பில் வெள்ளையாக உப்பு பூத்திருப்பதைப் பார்த்திருப்போம். தட்டின் மேலும் அதுவே நடக்கிறது. ஈரமாக இருக்கும்வரை துகள்கள் தளர்வாகக் கிடக்கும், கழுவினால் போய்விடும். காய்ந்ததும் பொருக்கு தட்டி ஒட்டிக்கொள்ளும். அதை எடுக்கத் தேய்க்க வேண்டும், தேய்த்தால் கார்பன் படலம் கீறும். தட்டின் மேலேயே ஹெட் ஓய்வெடுக்கும் பழைய வகை டிரைவுகளில் அந்தப் பொருக்கு ஹெட்டையும் தட்டோடு சேர்த்து ஒட்டிவிடும்.

அரிப்பும் காயும்போதுதான் வேகமெடுக்கிறது. தண்ணீர் ஆவியாக ஆவியாக, மிச்சமிருக்கும் நீரில் உப்பின் செறிவு ஏறிக்கொண்டே போகும். கடைசியில் எஞ்சும் மெல்லிய ஈரப் படலத்தில் உப்பும் அதிகம், அதைக் கடந்து உலோகத்தை எட்டும் ஆக்ஸிஜனும் அதிகம். கார்பன் படலத்தில் ஊசிமுனைக்கும் சிறிய ஓட்டை இருந்தாலும் அதன் வழியே காந்தப் பூச்சில் இருக்கும் கோபால்ட் அரிக்கத் தொடங்கும். ஈரத்தோடு வைத்திருப்பது அரிப்பை நிறுத்திவிடாது, அந்த மோசமான கட்டத்தைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். எனவே இது சில நாட்களுக்கான ஏற்பாடு. வாரக்கணக்கில் இப்படியே வைத்திருக்கக் கூடாது.

மின்சாரம் கொடுத்தால் கெடுதல் இரண்டு இடங்களில் நடக்கிறது. முதலாவது போர்டு. ஈரத்தோடு 12 வோல்ட் கிடைத்ததும் ஒரு முனையில் இருக்கும் செம்பு கரைந்து எதிர்முனையில் வேர்போலப் படியும். இரண்டு பாதைகளும் இணைந்து ஷார்ட் ஆகும், மோட்டாரை இயக்கும் சிப் கருகும். போர்டு போனால்கூட வழி இருக்கிறது. இரண்டாவது இடமான தட்டுக்கு வழியே இல்லை. நிமிடத்துக்கு 7,200 சுற்று ஓடும் டெஸ்க்டாப் டிரைவில் தட்டின் வெளிவிளிம்பு மணிக்கு ஏறக்குறைய 130 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. ஹெட் அங்கே வந்து ஒரு மணல் துகளை மோதினால் அது உடையலாம், வளையலாம், அல்லது துகளைத் தன்னோடு இழுத்துக்கொண்டே ஓடலாம். பத்து நொடி ஓடவிட்டால் அந்தத் துகள் தட்டின் மேல் 1,200 சுற்று உரசியிருக்கும். உரசிய இடத்தில் காந்தப் பூச்சு பொடியாகிப் பறந்துவிடும். அதில் எழுதியிருந்ததை உலகில் எந்த ஆய்வகத்தாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மின்சாரம் முழுவதும் துண்டிக்கப்பட்டதா என்று உறுதி செய்துகொண்டு, கையுறை போட்டு டிரைவைக் கழற்றுங்கள். உள்ளே தண்ணீர் ஆடுகிறதா என்று குலுக்கிப் பார்க்காதீர்கள். குலுக்கினால் மணல் தட்டெங்கும் பரவும். குழாயடியில் கழுவவும் வேண்டாம், வெளிச் சேற்றை ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஒரு சுத்தமான துணியை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து டிரைவைச் சுற்றுங்கள். ஜிப் பையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள், அதற்கு மேல் இன்னொரு பை போடுங்கள். நிழலில் வையுங்கள். ஃப்ரீசரில் வைத்தால் உள்ளே இருக்கும் நீர் பனிக்கட்டியாகி விரியும். ஹேர் டிரையர் உள்ளே இருப்பதைப் பொருக்காக்கும். அரிசி மூட்டை உள்ளே இருக்கும் உப்பை எடுக்காது. மூடியைத் திறப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

ஏற்கெனவே காய்ந்துபோன டிரைவ் என்றால் மறுபடி நனைக்காதீர்கள். உலர்ந்த பையில் போட்டு, காய்ந்துவிட்டது என்று எழுதி அனுப்புங்கள். எத்தனை மணி நேரம் மூழ்கியிருந்தது, ஆற்றுநீரா கடல்நீரா சாக்கடையா, மூழ்கும்போது ஓடிக்கொண்டிருந்ததா, அதற்குப் பிறகு யாராவது ஆன் செய்தார்களா என்ற விவரங்களும் ஆய்வகத்துக்குத் தேவை. ஆன் செய்ததை மறைக்கவே கூடாது. அவர்கள் முதலில் எதைத் தேட வேண்டும் என்பதே அதனால் மாறும். யுஎஸ்பி வழியாக இணைக்கும் வெளி டிரைவ் என்றால் பெட்டியோடும் அதன் போர்டோடும் முழுதாக அனுப்ப வேண்டும். சில மாடல்களில் தரவைப் பூட்டும் சிப் அந்தப் பெட்டியின் போர்டில்தான் இருக்கிறது. அதைத் தூக்கி எறிந்தால் தட்டு பளிச்சென்று இருந்தும் பயனில்லை. டிஸ்க்கை என்கிரிப்ட் செய்திருந்தால் மீட்புச் சாவியைத் தேடி எடுத்து வையுங்கள்.

ஆய்வகத்தில் என்ன செய்வார்கள் என்பதை, 1 டெராபைட் கொள்ளளவும் இரண்டு தட்டும் நான்கு ஹெட்டும் கொண்ட ஒரு டிரைவை வைத்துப் பார்க்கலாம். முதலில் போர்டைக் கழற்றி அல்ட்ராசானிக் தொட்டியில் கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் அலசி, இளஞ்சூட்டில் உலர்த்துவார்கள். அந்தப் போர்டில் எட்டுக் கால் கொண்ட சிறிய சிப் ஒன்று இருக்கும். அந்த ஒரு டிரைவின் ஹெட்டுகளுக்கென்றே தொழிற்சாலையில் அளந்து எழுதிய திருத்தங்கள் அதில் இருக்கின்றன. அதனால்தான் அதே மாடலில் வேறு போர்டை வாங்கி மாட்டினால் மட்டும் பெரும்பாலும் வேலை செய்யாது. பழைய சிப்பையோ அதன் உள்ளடக்கத்தையோ புதுப் போர்டுக்கு மாற்றியாக வேண்டும்.

அடுத்து வடிகட்டிய காற்று ஓடும் மேசையில் டிரைவைத் திறப்பார்கள். அங்கே ஒரு கன மீட்டர் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 3,520-ஐத் தாண்டக் கூடாது. சாதாரண அறையில் அவை கோடிக்கணக்கில் இருக்கும். திறந்ததும் முதலில் பார்ப்பது உள்ளே ஒரு மூலையில் செருகியிருக்கும் வெள்ளை வடிகட்டித் துண்டை. அது பழுப்பேறியிருந்தால் சேறு உள்ளே வந்துவிட்டது. கருப்புப் பொடி படிந்திருந்தால் யாரோ ஓட்டியிருக்கிறார்கள், தட்டு உரசியிருக்கிறது.

பிறகு ஹெட்டுகள் ஒன்றோடொன்று மோதாமல் நடுவில் சீப்புப் போன்ற ஒரு கருவியை நுழைத்து மொத்தமாக வெளியே எடுப்பார்கள். இரண்டு தட்டுகளையும் ஒரே பிடியில் சேர்த்துத்தான் தூக்க வேண்டும். ஹெட் எங்கே நிற்கிறது என்று காட்டும் வழிகாட்டிக் குறிகள் எல்லாத் தட்டுகளிலும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி எழுதப்பட்டவை. ஒரு தட்டு மற்றதைவிடச் சற்றுத் திரும்பிவிட்டாலும் டிரைவ் வழி தவறிவிடும். தட்டுகளை அயனி நீக்கிய நீரிலும் மிதமான சலவைக் கரைசலிலும் கழுவி, கறை விழாதபடி உலர்த்துவார்கள். ஈரத்தோடு வந்த தட்டில் சேறு இந்த இடத்தில் வழுக்கிக்கொண்டு போகும். காய்ந்து வந்த தட்டில் இதே வேலையைப் பலமுறை செய்ய வேண்டியிருக்கும், அப்போதும் சில புள்ளிகள் போகாது. மோட்டார் இறுகிப்போயிருந்தால் தட்டுகளை வேறு டிரைவின் உடலுக்கு மாற்றுவார்கள். ஹெட்டுகளும் அதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு டோனர் டிரைவிலிருந்து, அதாவது பாகங்களைத் தானம் தரும் இன்னொரு நல்ல டிரைவிலிருந்து வரும்.

இப்போது ஓடவைப்பது கோப்புகளைத் திறந்து பார்ப்பதற்காக அல்ல. சிறப்புக் கருவி வழியாக முழுத் தட்டையும், செக்டர் எனும் சிறு கூறுகளாக ஒன்றன்பின் ஒன்றாக, இன்னொரு டிரைவுக்குப் பிரதியெடுப்பார்கள். நொடிக்கு 100 மெகாபைட் வேகம் கிடைத்தால் 1 டெராபைட் மூன்று மணி நேரத்துக்குள் முடியும். சேறு பட்ட டிரைவில் 5 மெகாபைட்தான் கிடைக்கிறது என்றால் 55 மணி நேரம் ஆகும். மாற்றிய ஹெட் அதுவரை தாங்குமா என்று சொல்ல முடியாது. அதனால் முதல் சுற்றில் எளிதாகப் படிக்கும் இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, முரண்டுபிடிக்கும் இடங்களைத் தாண்டிப் போவார்கள். கெட்ட பகுதிக்குக் கடைசியில்தான் திரும்பி வருவார்கள். அதற்குள் ஹெட் செத்தால் இன்னொரு டோனரைத் தேட வேண்டும்.

நமது டிரைவின் இரண்டு தட்டுகளுக்கும் சேர்த்து நான்கு பக்கங்கள், பக்கத்துக்கு ஒரு ஹெட். அதில் மூன்று பக்கங்களைச் சுத்தமாகப் படித்தாகிவிட்டது, நான்காவது பக்கம் கீறிவிட்டது என்று வையுங்கள். முக்கால் பங்கு தரவு கையில் இருக்கிறது. ஆனால் முக்கால் பங்கு கோப்புகளும் திறக்கும் என்று இதற்கு அர்த்தமில்லை. டிரைவ் ஒரு ஹெட்டில் ஒரு குறிப்பிட்ட அளவு எழுதிவிட்டு அடுத்த ஹெட்டுக்கு மாறும் வழக்கமுடையது. 4 மெகாபைட் புகைப்படம் பெரும்பாலும் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும், அதனால் நான்கில் மூன்று படங்கள் முழுதாகக் கிடைக்கலாம். 2 ஜிகாபைட் வீடியோ நான்கு பக்கங்களிலும் பரவிக் கிடக்க வாய்ப்பு அதிகம், அதில் இடையிடையே துண்டுகள் இல்லாமல் போகும். எந்தக் கோப்புறை முதலில் வேண்டும் என்று ஆய்வகம் கேட்பதும் இதனால்தான். எது எங்கே இருக்கிறது என்பதைப் பிரதியில் பார்த்துவிட்டு, ஹெட்டின் மிச்சமிருக்கும் ஆயுளை அந்தக் கோப்புகளின் செக்டர்களுக்கே முதலில் செலவிடுவார்கள்.