அட்டவணைப் படத்தில் தலைப்பை வெட்டாதீர்கள்

விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு சதுர கி.மீ.க்கு 928 பேர் வாழ்கிறார்கள் என்று எழுதிய ஓர் அறிக்கை போன வாரம் சரிபார்க்க வந்தது. 2011 கணக்கெடுப்பு அந்த மாவட்டத்துக்குத் தரும் அடர்த்தி 481. எழுதியவரிடம் கேட்டதற்கு வாட்ஸப்பில் இரண்டு போட்டோக்கள் அனுப்பினார். “எல்லாம் அரசாங்க அட்டவணைதான் சார், வகுத்துப் பாருங்க, சரியா வரும்.”

வகுத்தால் சரியாகத்தான் வருகிறது. மக்கள்தொகை 34,58,873, பரப்பு 3,725.54 சதுர கி.மீ.; விடை 928. இரண்டு எண்களும் உண்மை, ஆனால் ஒரே மாவட்டத்துடையவை அல்ல. மக்கள்தொகை 2011-ல் இருந்த பெரிய விழுப்புரத்துடையது. பரப்பு, 2019-ல் கள்ளக்குறிச்சி பிரிந்த பிறகு மிஞ்சிய விழுப்புரத்துடையது. ஆட்களை முழுவதும் எண்ணிவிட்டு நிலத்தில் பாதியை மட்டும் எடுத்தால் அடர்த்தி இரட்டிப்பாகாமல் என்ன செய்யும்?

இதைச் சொன்னால் உடனே வரும் பதில்தான் எனக்கு எரிச்சல்: “மக்கள்தொகை மாறும் சார், பரப்பு எப்படி மாறும்? நிலம் எங்கே போகும்?” நிலம் எங்கும் போகாது ஐயா, கோடுதான் போகும். மாவட்டம் என்பது வருவாய்த்துறை போட்ட எல்லை. 2011 கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள், இன்று 38. சென்னையைப் பாருங்கள். 2011-ல் 175 சதுர கி.மீ., 46,46,732 பேர், அடர்த்தி 26,553. 2018-ல் மாவட்டத்தை 426 சதுர கி.மீ.க்கு விரித்தார்கள். பழைய மக்கள்தொகையை இந்தப் புதிய பரப்பால் வகுத்தால் 10,908 வரும். ஒரே ஆண்டில் பாதிச் சென்னை ஊரைக் காலி செய்துவிட்டதுபோல் இருக்கும். விழுப்புரத்தில் தவறு மேலே போனது, சென்னையில் கீழே. ஆகவே ‘கொஞ்சம் கூடக் குறைய இருக்கும், பரவாயில்லை’ என்று விட முடியாது.

விழுப்புரத்தின் பழைய மக்கள்தொகைக்குப் பழைய பரப்பு 7,194-ஐப் போட்டால் 481 கிடைக்கும். இன்றைய விழுப்புரம் வேண்டுமென்றால், அந்த எல்லைக்குள் 2011-ல் இருந்த ஏறத்தாழ 20.93 லட்சம் பேரை 3,725-ஆல் வகுக்க வேண்டும்; சுமார் 562. இரண்டுமே சரியான விடைகள். எந்த எல்லை என்று எழுதாவிட்டால் இரண்டுமே தவறு.

அந்தப் போட்டோக்கள் இரண்டிலும் அட்டவணையின் தலைப்பையும் அடிக்குறிப்பையும் வெட்டியிருந்தார்கள். ஆண்டும், ‘பிரிக்கப்படாத மாவட்டம்’ என்ற குறிப்பும் அங்கேதான் இருக்கும். எண்கள் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று அவற்றையா வெட்டுவது?

போட்டோ தரும் இன்னொரு தொல்லை வரிசை நழுவுவது. பக்கம் சாய்ந்தோ புத்தக மடிப்பில் வளைந்தோ இருந்தால், இடது ஓரத்தில் தொடங்கும் கண் வலது ஓரத்துக்குப் போகும்போது ஒரு வரி கீழே இறங்கிவிடும். 2011 வரிசையில் விழுப்புரத்துக்கு அடுத்தது சேலம், பரப்பு 5,237. விழுப்புரம் மக்கள்தொகையை அதனால் வகுத்தால் 660. நம்பும்படியான எண்! 928-ஐப் பார்த்தாலாவது சந்தேகம் வரும், இதைப் பார்த்தால் வராது. புள்ளி விடுபட்டு 3,725.54 என்பது 3,72,554 ஆகிவிட்டால்கூட அடர்த்தி 9 என்று வந்து தானே காட்டிக்கொடுக்கும்.

பரப்புப் பத்தியைக் கூட்டி, மொத்தத்தோடு ஒத்துப்போனால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இலக்கம் தவறாகப் படித்திருந்தால் அந்தக் கூட்டல் பிடிக்கும். வரிசை நழுவியிருந்தால் பிடிக்காது; எண்கள் இடம் மாறினாலும் மொத்தம் மாறாதே. அதற்கு, அச்சிட்ட அடர்த்திப் பத்தி இருந்தால் முதல் வரி, கடைசி வரி, நடுவில் ஒன்று என மூன்றை வகுத்து ஒப்பிடுங்கள். நழுவல் பெரும்பாலும் தொடங்கிய இடத்திலிருந்து கடைசிவரை தொடரும் என்பதால் கடைசி வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். விடை ஒன்றிரண்டு கூடக் குறைய வந்தால் பதறாதீர்கள், அது பரப்பை முழு எண்ணாக்கியதால் வருவது. விடையைத் தசமத்தில் எழுதவும் வேண்டாம்.

தயவுசெய்து பக்கத்தை நேராக வைத்து, நான்கு மூலையும் விழும்படி எடுங்கள். மக்கள்தொகையும் பரப்பும் ஒரே அட்டவணையில் இருந்தால் அதிலிருந்தே இரண்டையும் எடுங்கள். புதிய மாவட்டத்துக்குக் கணக்கு வேண்டுமென்றால் 2011 கணக்கெடுப்பின் வட்ட, கிராம அளவு எண்களை எடுத்து, இன்று அந்த மாவட்டத்தில் இருக்கும் கிராமங்களை மட்டும் கூட்டுங்கள். வட்டங்களையும் 2011-க்குப் பிறகு பிரித்திருக்கிறார்கள், அதனால் வட்டத்தின் பெயர் ஒன்றாக இருக்கிறது என்பதை மட்டும் நம்பிக் கூட்டிவிடாதீர்கள்.