13 குள்ளர்களும் மூன்று சகோதரர்களும்: ஃபேன்டஸியில் எங்கே தொடங்குவது?

"பொன்னியின் செல்வன் ஐந்து பாகங்களையும் தடங்கல் இல்லாமல் படித்திருக்கிறேன். ஆனால் ஃபேன்டஸி நாவல் எதை எடுத்தாலும் நாற்பது பக்கத்துக்குள் யார் யாரென்று தெரியாமல் மூடிவைத்துவிடுகிறேன். ஐம்பது வயதில் இதற்கெல்லாம் பழக முடியாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பொன்னியின் செல்வன் ஆடிப் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. ஆடிப் பெருக்கு, சோழன், காஞ்சி, தஞ்சை எல்லாம் உங்கள் நினைவில் முன்பே குடியிருப்பவை. வந்தியத்தேவன் ஒருவனை மட்டும் புதிதாகத் தெரிந்துகொண்டால் போதும், குதிரையில் கூடவே போய்விடலாம். கற்பனை உலகத்தில் இந்த வசதி கிடையாது. ஊர், குலம், கடவுள், மலை என்று ஒவ்வொரு பெயரையும் வெறும் ஒலியாகத்தான் முதலில் வாங்கிக்கொள்கிறோம். அப்படிப் புதிதாக வரும் பொருள்களில் நான்கைத்தான் மூளையால் ஒரே நேரத்தில் கையில் வைத்திருக்க முடியும் என்று 2001இல் உளவியலாளர் நெல்சன் கோவன் கணக்கிட்டார். அதற்கு முன்பு, 1956இல் ஜார்ஜ் மில்லர் சொன்ன எண் ஏழு.

நான்குதான் கொள்ளும் என்றால் டோல்கீனின் 'தி ஹாபிட்' (1937) முதல் அத்தியாயத்திலேயே கவிழ்ந்திருக்க வேண்டும். பில்போ என்பவனின் வீட்டுக் கதவை அடுத்தடுத்து 13 குள்ளர்கள் தட்டுகிறார்கள். முதலில் துவாலின், அப்புறம் பாலின், பிறகு கீலியும் ஃபீலியும் ஜோடியாக, அதன் பிறகு ஐந்து பேர், கடைசியில் நான்கு பேர். அத்தனை பெயரையும் முதல் வாசிப்பில் ஒப்பிக்கக்கூடியவர்கள் அபூர்வம். ஆனாலும் யாரும் அங்கே புத்தகத்தை மூடுவதில்லை.

காரணம் பெயர்களின் ஒலியில் இருக்கிறது. பாலின், துவாலின். கீலி, ஃபீலி. டோரி, நோரி, ஓரி. ஓயின், குளோயின். பிஃபூர், போஃபூர், பொம்பூர். தனியே நிற்பவர் தலைவர் தோரின் மட்டும். 13 பெயர்கள் ஆறு கொத்துகளாகிவிட்டன. கொத்தை மொத்தமாக ஒரே பொருளாகத்தான் மூளை எண்ணுகிறது. இதைவிட முக்கியமானது, கீலியையும் ஃபீலியையும் மாற்றி நினைத்தாலும் கதைக்கு ஒரு சேதமும் வராது. தலைவர் தோரின், பில்போவிடம் அன்பாக இருக்கும் பாலின், பருத்த பொம்பூர் ஆகிய மூவரைத் தெரிந்தால் கிட்டத்தட்ட முழுக் கதையையும் படித்துவிடலாம். மற்றவர்கள் கூட்டம்.

இதே ஒலி ஒற்றுமை வேறிடத்தில் கழுத்தைப் பிடிக்கும். எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று இதைக் காட்டுகிறது. 1964இல் இங்கிலாந்தில் கான்ராட் என்ற உளவியலாளர் சில ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டி, வரிசையாக நினைவிலிருந்து எழுதச் சொன்னார். பார்த்தவர்களின் காதில் எந்தச் சத்தமும் விழவில்லை. ஆனாலும் அவர்கள் செய்த பிழைகள் ஒலிப் பிழைகள். பி என்ற எழுத்து வி ஆகியது, எஸ் எஃப் ஆகியது. வடிவத்தில் இவற்றுக்குள் ஒற்றுமை இல்லை, உச்சரிப்பில்தான் இருக்கிறது. கண்ணால் படித்ததையும் மனம் உள்ளுக்குள் உச்சரித்து, அந்த ஒலியாகவே சில நொடிகள் பிடித்துவைத்துக்கொள்கிறது. ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு பெயர்கள் அங்கே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. மௌனமாக நாவல் படிக்கும்போதும் நடப்பது இதுதான்.

டோல்கீன் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1977இல் வெளிவந்த 'தி சில்மரில்லியன்' புத்தகத்தை இப்போது பாருங்கள். ஃபின்வே என்ற அரசனுக்கு மூன்று மகன்கள்: ஃபியானோர், ஃபிங்கோல்ஃபின், ஃபினார்ஃபின். அடுத்த தலைமுறையில் ஃபிங்கோன், ஃபின்ரோட். இவர்கள் குள்ளர்களைப் போலக் கூட்டம் அல்ல. ஒருவன் கப்பல்களை எரித்து மற்றவர்களைக் கைவிடுகிறான், ஒருவன் பனிப்பாலைவனத்தை நடந்தே கடக்கிறான், ஒருவன் பாதியில் திரும்பிப் போய்விடுகிறான். யார் எதைச் செய்தான் என்பதே கதை. பிரித்து அறிந்தே ஆக வேண்டிய இடத்தில் ஒலி பிரிக்கவிடாமல் தடுக்கிறது. புத்தகம் மகத்தானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் முதல் ஃபேன்டஸியாக இதைக் கையில் கொடுப்பவர் உங்களுக்கு நல்லது செய்யவில்லை. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையின் சவ்ரான், சாருமான் என்ற இரண்டு எதிரிகளிடமும் இதே சிக்கல் உண்டு. 1978இல் அது அனிமேஷன் படமானபோது குழப்பத்துக்குப் பயந்து சாருமானைப் பல இடங்களில் 'அருமான்' ஆக்கினார்கள்.

இந்த ஒலிப் பிடிப்பு சில நொடிகளுக்குத்தான். ஒரு பெயரோடு ஒரு செயல் சேர்ந்துவிட்டால் அது பொருளாக நீண்டகால நினைவுக்குப் போய்விடும், பிறகு ஒலிக் குழப்பம் மெல்லத் தேயும். ஆகவே பெயர் எத்தனை என்று எண்ணாமல், பெயருக்குச் செயல் கிடைக்கும் வேகத்தைப் பாருங்கள். கடையிலோ நூலகத்திலோ முதல் இரண்டு அத்தியாயங்களைப் படித்து மூடிவிட்டு, நினைவில் நிற்கும் பெயர்களைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்த ஆள் என்ன செய்தான், அவனுக்கு என்ன வேண்டும் என்று எழுதிப் பாருங்கள். நான்கைந்து பெயருக்கு எழுத முடிந்தால் வாங்கலாம். எதிரெதிர் அணியில் இருப்பவர்களின் பெயர்களை மாற்றி எழுதியிருந்தால் அது இரண்டாவது புத்தகமாக இருக்கட்டும். வரைபடமும் பின்னிணைப்பும் எத்தனை பக்கம் என்பதை வைத்து முடிவெடுக்க வேண்டாம், தேவைப்படும்போது திருப்பிப் பார்ப்பதற்குத்தான் அவை.

(கான்ராடின் சோதனை ஆங்கில எழுத்துகளை வைத்து நடந்தது. வேற்றுமை உருபுகள் பெயரோடு ஒட்டி நீளும் தமிழில் இதைச் செய்து பார்க்க ஒரு கணினியும் ஒரு வகுப்பு மாணவர்களும் போதும். பெரிய கருவிகளுக்குப் பணம் தரும் நம் பல்கலைக்கழகங்கள் இதுபோன்ற சிறிய ஆய்வுகளுக்கும் கொஞ்சம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.)

'தி ஹாபிட்' குழந்தைத்தனமாகத் தோன்றினால் உர்சுலா லெ குவின் எழுதிய 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ' (1968) எடுத்துக்கொள்ளுங்கள். சிறிய புத்தகம். வரைபடம் முழுக்கத் தீவுகள், ஆனால் கதை கெட் என்ற ஒருவனைவிட்டு விலகுவதில்லை. கர்வத்தால் அவன் ஒரு நிழலை உலகுக்குள் விட்டுவிடுகிறான், மீதிக் கதை அதன் விளைவு. தீவுகளின் பெயர்கள் மறந்தாலும் பாதகமில்லை.

பெரியதாகத்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்' (1996). முகவுரையை விட்டால் எட்டுப் பேரின் பார்வையில் நகர்கிறது, கோவனின் நான்குக்கு இரு மடங்கு. ஆனால் அத்தியாயத் தலைப்பே அந்த ஆளின் பெயர்தான். எட்டில் ஏழு பேர் தொடக்கத்தில் ஒரே கோட்டையில் இருக்கிறார்கள். அரசர் விருந்தாளியாக வரும் அந்த நாட்களில் யார் யாருக்கு என்ன உறவு என்பது உங்களுக்குப் பழகிவிடும், அதற்குப் பிறகுதான் ஆளுக்கொரு திசையில் பிரிகிறார்கள். கடலுக்கு அப்பால் இருக்கும் டேனெரிஸ் ஒருத்தியை மட்டும் தனியாக வைத்துக்கொண்டால் போதும்.

ஸ்டீவன் எரிக்சனின் 'கார்டன்ஸ் ஆஃப் தி மூன்' (1999) இதற்கு நேர் எதிர். 10 பாகத் தொடரின் முதல் நூலான அது எதையும் விளக்காமல் நடந்துகொண்டிருக்கும் போருக்குள் நம்மை இறக்கிவிடுகிறது. பெயருக்குச் செயல் கிடைக்க வெகுநேரம் ஆகும். அதைப் படிக்கும்போது முன்பக்கத்தில் உள்ள பாத்திரப் பட்டியலை மனப்பாடம் செய்ய முயல வேண்டாம். செயல் சேராத பெயர்கள் ஒலியாகவே மிஞ்சி, அடுத்த பக்கத்திலேயே கலந்துவிடும். ஓர் ஆள் ஏதாவது செய்த பிறகு பட்டியலுக்குத் திரும்பி அவன் பெயரைத் தேடுங்கள்.